கொடுமுடிப் பதிகமும் பாட்டு அர்ச்சனையும்: சில கேள்விகள், சில பதில்கள்

காங்கேயத்திலிருந்து ஒருவர்: ஏனுங்க அய்யா, அர்ச்சனைச் சீட்டு வாங்கிப் பேரு, நட்சத்திரமெல்லாம் சொல்லியாச்சு. அப்புறமும் ஓதுவார் பாடி முடிக்கிற வரைக்கும் நிக்கோணுமா?

நில்லுங்கள். அதுவும் அர்ச்சனைதான். கல்யாணப் பந்தலில் ஓலையோடு வந்து வழக்காடிய கிழவரைச் சுந்தரர் 'பித்தனோ' என்று ஏசினார். வழக்கில் வென்ற இறைவன் அவரிடம் பூக் கேட்கவில்லை. 'அர்ச்சனை பாட்டே ஆகும், ஆதலால் மண்மேல் நம்மைச் சொற்றமிழ் பாடுக' என்றார் என்கிறது பெரியபுராணம். ஏசிய வாய்க்கே அந்த வேலையைக் கொடுத்திருக்கிறார். பூசையிலும் குடை, சாமரம், கண்ணாடி போலப் பாட்டு ஓர் உபசாரம். சாமரம் வீசும்போது பாதியில் திரும்பிப் போக மாட்டோம் அல்லவா?

கோபியிலிருந்து ஒருவர்: பஞ்சபுராணம்னா தேவாரத்துல அஞ்சு பாட்டுதானுங்களே? நாங்க அப்படித்தான் பாடறோம்.

ஐந்து என்பது சரி. ஐந்தும் தேவாரம் இல்லை. தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டு. முன்னும் பின்னும் 'திருச்சிற்றம்பலம்'. திருவிசைப்பாவுக்கு நம் கருவூர்த்தேவர் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஈரோட்டிலிருந்து ஒரு தம்பி: சுந்தரரின் கொடுமுடிப் பதிகத்தை இசை வகுப்பில் கற்றேன். சுருதியும் தாளமும் சுத்தம். ஆனால் கோயிலில் பாடியதும் ஒரு பெரியவர், 'அர்த்தம் கெட்டுப்போச்சு தம்பி' என்றார். எங்கே தப்பு?

எங்கே மூச்சு வாங்கினாய் என்று பார். புத்தகத்தில் பாட்டு சீர் பிரித்து இப்படி இருக்கும்:

மற்றுப் பற்றெனக் கின்றி நின்திருப்
பாதமே மனம் பாவித்தேன்
பெற்றலும் பிறந்தேன் இனிப்பிற
வாத தன்மைவந் தெய்தினேன்

மூன்றாம் வரி முடிந்தது என்று அங்கே நிறுத்தினால், காதில் விழுவது 'இனிப் பிற'. பிறவி வேண்டாம் என்று சொல்ல வந்த பாட்டு, இனிமேல் பிறந்துகொள் என்பது போல ஆகிவிடும். பிறகு 'வாத தன்மை' என்று தனியாக வந்தால், கேட்பவர் வாத நோயை நினைப்பார். அந்தப் பெரியவருக்கு உறுத்தியது பெரும்பாலும் இந்த இடமாகத்தான் இருக்கும்.

'பெற்றலும் பிறந்தேன்' என்று பாடி மூச்சு வாங்கு. உன்னைப் பெற்றபோதுதான் நான் பிறந்தேன் என்கிறார், அது அங்கே முடியட்டும். அடுத்து 'இனிப் பிறவாத தன்மை வந்தெய்தினேன்' முழுவதும் ஒரே மூச்சில் வரட்டும். அடுத்த அடியில் 'சீர்க்கறை' என்று நிறுத்தினால் ஊர்ப்பெயர் உடைந்து கறை மட்டும் மிஞ்சும். 'கறையூரில்' என்று சேர்த்தே பாடு.

கடைசி அடியில்தான் உயிர் இருக்கிறது: 'நற்றவா உனை நான்மறக்கினும் சொல்லும்நா நமச்சிவாயவே'. 'நா'வும் 'நமச்சிவாய'வும் ஒட்டிக்கொள்ளாமல், நடுவே மயிரிழை இடைவெளி கொடு. நான் மறந்தாலும் நாக்கு மறக்காது என்கிறார். தினமும் பூத்தொடுக்கும் கை எதையும் நினைக்காமலே தொடுக்கிறதே, அப்படி நாக்கைப் பழக்கிக்கொண்டவர் பாட்டு இது. சொல் கேட்காமல் சங்கதி மட்டும் கேட்டால் அந்த நாக்கின் வேலை நடக்கவில்லை என்று பொருள். புத்தகம் பார்க்காத ஒருவரை உட்காரவைத்துப் பாடிக் காட்டு. என்ன காதில் விழுந்தது என்று அவர் சொன்னால் தப்பு உனக்கே தெரிந்துவிடும்.

திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா: பையனுக்கு ரெண்டு நாளா குளிர்காய்ச்சலுங்க. இந்தக் கொடுமுடிப் பதிகத்தைப் பாடலாமுங்களா?

முதலில் டாக்டரிடம் காட்டிவிடுங்கள் அம்மா. இரண்டு நாள் ஆகிவிட்டது, இன்னும் தள்ளிப்போடாதீர்கள். பாடவும் செய்யுங்கள். ஆனால் குளிர்சுரத்துக்கென்று பாடப்பட்டது உங்கள் ஊர்ப் பதிகமே. சம்பந்தரோடு வந்த அடியார்களைக் குளிர்சுரம் பிடித்தபோது அவர் பாடியது 'அவ்வினைக்கு இவ்வினை' என்று தொடங்கும் திருநீலகண்டப் பதிகம். முதல் பாட்டு 'செய்வினை வந்தெமைத் தீண்டப்பெறா திருநீலகண்டம்' என்று முடியும்; 'தீண்டப்பெறா திருநீலகண்டம்' என்பது கடைசிப் பாட்டைத் தவிர மற்றவற்றிலும் வரும். 'எமை' என்று எல்லோரையும் சேர்த்துத்தான் பாடினார். நீங்களும் பையனோடு பக்கத்து வீட்டுக்காரர்களையும் நினைத்துக்கொண்டு பாடுங்கள்.

கோவையிலிருந்து ஒருவர்: இப்போது பாடும் மெட்டு சுந்தரர் பாடிய அதே மெட்டுதான் என்று எப்படி நம்புவது?

அப்படி நான் சொல்ல மாட்டேன். இந்தப் பதிகத்துக்குப் பண் பழம்பஞ்சுரம். ஓதுவார்கள் அதைச் சங்கராபரணத்தில் பாடுகிறார்கள். வாய்வழியாக வந்த வழக்கு அது. சுந்தரர் காலத்தில் யாரும் சுரம் எழுதி வைக்கவில்லை. திருமுறைகளைக் கண்டெடுத்தபோதே பண் மறந்துபோயிருந்தது என்றும், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கொண்டே அதை மீட்டார்கள் என்றும் திருமுறைகண்ட புராணம் சொல்கிறது.

ஈரோட்டுத் தம்பி மறுபடியும்: அப்படியானால் நானே ஒரு மெட்டுப் போட்டுப் பாடலாமா?

வீட்டில் பாடு, யாரும் தடுக்கப்போவதில்லை. சந்நிதியில் நான் பாட மாட்டேன். அங்கே ஓதுவாரோடு பத்துப் பேர் சேர்ந்து பாடுவார்கள்; உன் மெட்டு அவர்கள் வாய்க்கு வராது. என் கூடப் படித்த ஓதுவார் ஒருவர் இதை ஒப்புக்கொள்வதில்லை. சொல் சிதையாதவரை எந்த மெட்டும் சாமிக்கு ஏற்றதுதான் என்பார். எங்களுக்குள் அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.