தலைவர் தைலவர் ஆன கதை

அன்புள்ள ஐயா,

பழைய கட்டுரை நூலொன்றை பிடிஎஃப் ஆக இறக்கி வைத்திருக்கிறேன். கைப்பேசியில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை இடமும் வலமும் இழுக்க வேண்டியிருக்கிறது. காலிபர் மென்பொருளில் ஈபப் ஆக மாற்றினேன். எழுத்தைப் பெரிதாக்க முடிகிறது. ஆனால் ‘தலைவர்’ எல்லாம் ‘தைலவர்’ ஆகிவிட்டார்கள். பக்க எண்கள் வாக்கியத்துக்கு நடுவே நிற்கின்றன. எழுத்துரு கோளாறா? திரும்ப பிடிஎஃப் ஆக்கினால் சரியாகுமா? கைப்பேசியில் படிப்பது கண்ணுக்குக் கெடுதலா?

ர., தென்காசி

அன்புள்ள ர.,

கண்ணைப் பற்றி கண் மருத்துவரைக் கேளுங்கள். எழுத்துருவின் மேல் பழி போடாதீர்கள். திரும்ப பிடிஎஃப் ஆக்கினால் தைலவர் சின்னப் பக்கத்தில் தைலவராகவே இருப்பார், வேறொன்றும் நடக்காது.

இந்தத் தைலவர் எனக்குப் பழக்கமானவர். என் முதல் தொகுப்பை அச்சிட்டவர்கள் என் கையில் கொடுத்தது பிடிஎஃப் மட்டும்தான். மறுபதிப்புக்காக அதைத் திறந்து உரையை எடுத்தால் மழையெல்லாம் ‘மைழ’, வேலையெல்லாம் ‘ேவைல’. இந்த மாதம் மறுபடி அதோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதம் அந்த நேரத்தில் வந்தது.

பிடிஎஃப் என்பது தாளுக்காகப் பிறந்தது. எந்த வடிவத்தை எந்த இடத்தில் வரைய வேண்டும் என்பதே அதற்குத் தெரியும். ‘லை’யை வரையும்போது கொம்பு இடப்பக்கம் வருவதால் அதை முதலில் வரைந்துவிட்டு ‘ல’வை அடுத்து வரைகிறது. யூனிகோடில் வரிசை நேர்மாறு: முதலில் மெய், பிறகு உயிர்க்குறி. பிடிஎஃப் வரைந்த வரிசையிலேயே காலிபர் எழுத்துகளைப் பொறுக்குவதால், ‘ல’வின் கொம்பு முன்னால் நிற்கும் ‘த’வோடு ஒட்டிக்கொள்கிறது.

மாற்றுவதற்கு முன்னால் பிடிஎஃப்பில் ஒரு வரியை நகலெடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டிப் பாருங்கள். `jkpo;` என்று வந்தால் அது பாமினி எழுத்துரு. யூனிகோடே இல்லை, முதலில் குறியேற்ற மாற்றி வேண்டும். எதையுமே தேர்ந்தெடுக்க முடியாவிட்டால் அது வெறும் படம். காலிபரால் ஆவது ஒன்றுமில்லை. தைலவர் வந்தால் பிழைக்க வழி இருக்கிறது. `Convert books` சாளரத்தில் `Search & replace` பகுதிக்குப் போய் முதல் வரியைத் தேடவும், இரண்டாவதை மாற்றவும் கொடுங்கள்:

```
([\u0bc6-\u0bc8])([\u0b95-\u0bb9])
\2\1
```

ெ, ே, ை மூன்றில் ஒன்றை அடுத்து மெய் வந்தால் இரண்டையும் இடம் மாற்று என்பதே இதன் பொருள். தைலவர் தலைவராவார். ‘ெபான்’ என்பதும் ‘பொன்’ ஆகிவிடும். பின்னால் நிற்கும் கால் தானாகச் சேர்ந்துகொள்ளும். ஆனால் ஒரே ஒருமுறைதான். காலிபர் ஒவ்வொரு நூலுக்கும் அமைப்பை நினைவில் வைத்திருக்கும். சரியாகிவிட்ட ஈபப்பை அதே விதியோடு மறுபடி மாற்றினால் ‘மழைகள்’ என்பது ‘மழகைள்’ ஆகும். ‘வேலை செய்யவில்லை’ என்று எனக்கு எழுதுகிறவர்களில் பலர் இதைச் செய்தவர்கள்தான். விதியை அழித்துவிட்டு மேலே போங்கள்.

இதற்குப் பிறகும் ஒரு கள்ளன் உள்ளே இருப்பான். என் கதையில் கௌரி என்றொரு பெண் வருகிறாள். ‘ௌ’ குறியின் பின்பாதி ‘ள’வைப் போலவே இருப்பதால் பல பிடிஎஃப்களில் அது ‘ள’வாகவே பதிவாகிவிடுகிறது. இடம் மாற்றிய பிறகு அவள் ‘கெளரி’. கண்ணுக்கு ஒரு குறையும் தெரியாது. கௌரியைத் தேடினால் மட்டும் கிடைக்க மாட்டாள். மெய்ப்புப் பார்த்த நண்பர் இரண்டும் ஒன்றுதானே என்றார். ஒன்றில்லை ஐயா! பார்க்க மட்டும்தான் ஒன்று. இதை ஒட்டுமொத்தமாக மாற்றப் போனால் வெளியும் தெளிவும் உடைந்து போகும். ஆகவே `Edit book` திறந்து ‘கெளர’, ‘மெளன’, ‘பெளர்ண’ என்று சொல் சொல்லாகத்தான் திருத்த வேண்டும். கௌரவமும் மௌனமும் நிறைந்த பழைய கட்டுரைகள் உங்களுடையவை. ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

இவ்வளவும் யாருக்காக? எழுத்தாகத் தர வேண்டியதைப் பக்கமாகத் தந்துவிட்டு, மின்நூல் போட்டோம் என்கிறார்கள் பதிப்பாளர்கள். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் ஒரே நூல் ஈபப்பாகவும் ஆறங்குல பிடிஎஃப்பாகவும் இருக்கும். மதுரைத் திட்டத்தில் பல நூல்கள் யூனிகோட் இணையப் பக்கமாகவே இருக்கின்றன; அதைச் சேமித்துக் காலிபருக்குக் கொடுத்தால் தைலவரே வரமாட்டார். மூலம் கிடைக்கிறதா என்று தேடாமல் கையில் அகப்பட்ட பிடிஎஃப்பை அரைப்பது சோம்பல். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பக்க எண்களா? அதே `Search & replace` பகுதியில் தேடும் பெட்டிக்குப் பக்கத்திலுள்ள மந்திரக்கோல் பொத்தானை அழுத்தினால் காலிபருக்கு உரை எப்படித் தெரிகிறது என்று காட்டும். எண் எந்தக் குறிகளுக்கு நடுவே நிற்கிறது என்று பார்த்து, அதற்கு இன்னொரு விதி எழுதி, மாற்றும் இடத்தை வெறுமையாக விடுங்கள். ஆண்டுகளையும் சேர்த்துத் துடைத்துவிடாதீர்கள்.