ஓட்டம் எப்போது முதன்மை வினையாகும்?

“ஸ்பானிய மொழி நகர்வின் பாதையை வினையிலேயே சொல்லும் என்று படித்தேன். ஆனால் ‘வீடு வரை ஓடினான்’ என்பதை ‘கொர்ரியோ ஆஸ்தா லா காசா’ என்கிறார்கள். வினையில் இருப்பது ஓட்டம்தானே? ஸ்பானிய மொழியை அப்படி வகைப்படுத்தியதே தவறா?”

தவறில்லை. உங்கள் வாக்கியத்தில் அவன் வீட்டை எட்டுகிறான். உள்ளே போகிறான் என்று அது சொல்லவில்லை. ‘ஆஸ்தா’ ஓட்டம் எங்கே முடிகிறது என்பதை மட்டும் காட்டுகிறது. அப்படிப்பட்ட இடங்களில் ஸ்பானிய மொழி தாராளமாக விட்டுக்கொடுக்கும். மொழியியலாளர் ஜான் ஆஸ்கே 1989-இல் இதைக் கவனப்படுத்தினார்.

இப்போது அவனை வாசலைத் தாண்டச் செய்யுங்கள். ‘எந்த்ரோ என் லா காசா கொர்ரியெந்தோ’, அதாவது ‘ஓடியபடி வீட்டுக்குள் நுழைந்தான்’. நுழைவு முதன்மை வினையாகிவிட்டது. ஓட்டம் எச்சமாக ஒதுங்கிவிட்டது. வேண்டுமானால் விட்டும்விடலாம், பேசுவோர் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். ஆங்கிலத்திலோ ‘ரேன் இன்டு த ஹவுஸ்’ என்பார்கள். ஓடினான் என்ற ‘ரேன்’ அசையாமல் நிற்கும். ‘இன்டு’ என்ற சிறு சொல்லே பாதையைச் சுமக்கும்.

சந்தேகமிருந்தால் ‘கொர்ரியோ என் லா காசா’ என்று சொல்லிப் பாருங்கள். கேட்பவர் இயல்பாக எடுத்துக்கொள்வது, அவன் வீட்டுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தான் என்பதைத்தான். நுழைந்த செய்தி அதில் வராது. கறார் விதி இந்த எல்லைக் கடப்பில்தான் இருக்கிறது.

அதற்கும் ஒரு விலக்கு உண்டு. ‘சால்தோ அ லா பிஸ்சீனா’, நீச்சல்குளத்தில் குதித்தான், முற்றிலும் சரியான வாக்கியம். குதிப்பு நொடியில் முடிவது, கடப்பதும் அதே நொடியில் நிகழ்வது. நீண்டு நடக்கும் ஓட்டத்துக்கோ மிதப்புக்கோ அந்தச் சலுகை கிடைப்பதில்லை. ஆகவே உங்கள் எடுத்துக்காட்டுகளை ‘வரை’, ‘நோக்கி’ வகை, ‘உள்ளே’, ‘வெளியே’ வகை என்று முதலில் பிரித்துவிட்டு, பிறகு வகைப்பாட்டைச் சோதியுங்கள்.