மூன்று கிரைண்டர்களில் எது மலிவு? செலவுப் பட்டியலை எந்தத் திசையில் படிப்பது?

கேள்வி: திண்டுக்கல்லில் இட்லி, தோசை மாவு அரைத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். தினமும் 300 கிலோ போகிறது. இப்போது இருக்கும் சிறிய கிரைண்டரும் அறையும் வாடகைக்கு எடுத்தவை; தை மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. எந்திரம் விற்கும் முகவர் மூன்று அளவுகளுக்குச் செலவுக் கணக்குப் போட்டுக் கொடுத்து, பெரியதை வாங்கினால் கிலோவுக்கு 7.70 ரூபாய்தான் ஆகும் என்கிறார். பொருளியல் படிக்கும் என் மகனோ, சிறிய எந்திரத்தின் செலவு மிகக் குறைவாக இருப்பதே 300 கிலோவில்தான், நீண்டகாலக் கோடு அந்தப் புள்ளி வழியாகத்தான் போகும், அதனால் மாற்ற வேண்டாம் என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதையும் ஏற்க வேண்டாம். உங்கள் விற்பனை 300 கிலோவிலேயே நின்றாலும், சற்றுக் கூடினாலும், உங்களுக்குப் பொருந்துவது நடுத்தர எந்திரம். முகவரும் மகனும் செய்திருப்பது ஒரே பிழைதான். ஒவ்வோர் எந்திரத்துக்கும் செலவு எங்கே மிகக் குறைகிறது என்று தேடிவிட்டு, அந்த அடிப்புள்ளியை வைத்தே முடிவு சொல்கிறார்கள். நீங்கள் முதலில் உங்கள் விற்பனை அளவைப் பிடித்துக்கொண்டு, அந்த அளவுக்கு எந்த எந்திரத்தில் செலவு குறைவு என்று பார்க்க வேண்டும்.

நீங்கள் அனுப்பிய கணக்கைச் சுருக்கி எழுதுகிறேன். அரிசியும் உளுந்தும் சேராமல், வாடகை, தவணை, கூலி, மின்சாரம், பை ஆகியவற்றுக்கு ஒரு கிலோவுக்கு ஆகும் ரூபாய் இது.

| தினசரி அளவு (கிலோ) | சிறியது | நடுத்தரம் | பெரியது |
|---|---|---|---|
| 200 | 11.50 | 12.50 | – |
| 300 | 10.00 | 9.60 | 15.00 |
| 400 | 11.00 | 8.50 | 12.00 |
| 500 | முடியாது | 8.00 | 10.20 |
| 600 | – | 8.40 | 9.20 |
| 700 | – | 9.50 | 8.60 |
| 800 | – | – | 8.20 |
| 1000 | – | – | 7.70 |

மேலிருந்து கீழாக ஒரு பத்தியைப் படித்தால், ஓர் எந்திரத்தை வாங்கி வைத்துவிட்ட பிறகு உற்பத்தியைக் கூட்டும்போது செலவு எப்படி மாறுகிறது என்று தெரியும். அதுதான் குறுங்காலச் சராசரிச் செலவு. இடமிருந்து வலமாக ஒரு வரியைப் படித்து, அதிலுள்ள மிகச் சிறிய எண்ணை மட்டும் வட்டமிடுங்கள். எட்டு வரிகளிலும் அப்படி வட்டமிட்டால் 11.50, 9.60, 8.50, 8.00, 8.40, 8.60, 8.20, 7.70 என்று ஒரு வரிசை கிடைக்கும். அதுதான் நீண்டகாலச் சராசரிச் செலவு. எந்த எந்திரத்தையும் இன்னும் வாங்காத நிலையில், எதையும் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் உள்ளவருக்கு உரிய செலவு அது. ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இருக்கும் நீங்கள் இன்று அந்த நிலையில்தான் இருக்கிறீர்கள்.

உங்கள் 300 கிலோ வரியைப் பாருங்கள். சிறிய எந்திரம் தன் வாழ்நாளிலேயே மிகச் சிறப்பாக ஓடும் இடம் அது. அப்போதும் செலவு 10 ரூபாய். அரைகுறையாக ஓடும் நடுத்தர எந்திரத்தில் 9.60. நாளைக்கு 120 ரூபாய் மிச்சம். விற்பனை 400 கிலோ ஆனால், சிறியதில் கூடுதல் நேரக் கூலியும் பழுதும் சேர்ந்து 11 ரூபாய் ஆகும், நடுத்தரத்தில் 8.50தான். நாளைக்கு 1,000 ரூபாய் வித்தியாசம். மாறாக விற்பனை 200 கிலோவுக்குச் சரிந்தால், நடுத்தர எந்திரம் உங்களுக்கு நாளைக்கு 200 ரூபாய் கூடுதலாகச் செலவு வைக்கும். இரண்டும் சமமாகும் இடம் ஏறத்தாழ 260 கிலோ. உங்கள் கடைகளின் வழக்கமான வாங்கல் அதற்குக் கீழே இறங்காது என்ற உறுதி இருந்தால் நடுத்தரத்தை எடுக்கலாம்.

மகன் சொன்னதற்கு வருகிறேன். அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம், அவர் தடுமாறிய இடம் பெரியவர்களும் தடுமாறிய இடம். சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜேக்கப் வைனர் 1931-இல் எழுதிய கட்டுரைக்காக, எல்லாக் குறுங்காலக் கோடுகளின் அடிப்புள்ளிகளையும் தொட வேண்டும், எந்தக் குறுங்காலக் கோட்டுக்கும் மேலே போகவும் கூடாது என்று ஒரு நீண்டகாலக் கோட்டை வரையச் சொன்னார். படம் வரைந்த வோங் என்ற கணிதவியலாளர், இந்த இரண்டு நிபந்தனைகளும் ஒன்றாக நிறைவேறாது என்று சொன்னார். வோங் சொன்னதே சரி. காரணம் உங்கள் பட்டியலிலேயே இருக்கிறது. கோடு சிறிய எந்திரத்தின் அடிப்புள்ளி வழியாகப் போனால் 300 கிலோவுக்கு 10 ரூபாய் என்று காட்டும், ஆனால் 9.60-க்கு அரைக்க வழி இருக்கும்போது நீண்டகாலச் செலவு 10 ஆக இருக்க முடியாது.

நீண்டகாலக் கோடு குறுங்காலக் கோடுகளை அடியிலிருந்து தாங்கும் உறை. அது இறங்கிக்கொண்டிருக்கும் பகுதியில் ஒவ்வொரு கோட்டையும் அதன் அடிப்புள்ளிக்கு இடப்பக்கம் தொடும். அதாவது சற்றுப் பெரிய எந்திரத்தை முழுத் திறனுக்குக் குறைவாக ஓட்டுவதே அங்கே மலிவு. கோடு ஏறும் பகுதியில் வலப்பக்கம் தொடும். இதை விளக்காமல், அடிப்புள்ளிகளைச் சேர்த்த படத்தைக் கரும்பலகையில் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்லும் வகுப்புகள் இன்னும் நடக்கின்றன என்பது எனக்குப் பெரிய வருத்தம். தேர்வில் மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. வீட்டுத் தொழிலுக்கு ஆலோசனை சொல்லும்போதுதான் பிழை வெளியே வருகிறது.

முகவர் சொன்ன 7.70 பொய்யான எண் அன்று. தினமும் 1,000 கிலோ அரைத்தால் அந்தச் செலவுதான் ஆகும். ஆனால் அவர் அந்த அளவைச் சொல்லாமல் விலையை மட்டும் சொல்கிறார். உங்கள் 300 கிலோவுக்கு அதே எந்திரத்தில் 15 ரூபாய். நடுத்தரத்தைவிட நாளைக்கு 1,620 ரூபாய் கூடுதல். ஊறவைத்த அரிசிபோல, அரைத்த மாவையும் கிடங்கில் அடுக்கி வைக்க முடியாது, விற்காதது புளித்து வீணாகும் என்பதால், எந்திரம் காலியாக இருக்கிறதே என்று கூடுதலாக அரைத்துத் தள்ளவும் வழியில்லை.

அவரிடம் இன்னொரு கைவரிசையும் இருக்கும். பெரிய எந்திரத்தின் பத்தியைக் காட்டி, 15 ரூபாய் 7.70 ஆகக் குறைகிறது பாருங்கள், இதுதான் பேரளவு உற்பத்தியின் சிக்கனம் என்பார். அது சிக்கனம் அன்று. ஒரே வாடகையும் ஒரே தவணையும் கூடுதல் கிலோக்களுக்குப் பங்காவதால் மட்டும் வரும் குறைவு அது. பேரளவுச் சிக்கனம் இருக்கிறதா என்று பார்க்க, வட்டமிட்ட எண்களில் மொத்தச் செலவை ஒப்பிட வேண்டும். 300 கிலோவுக்கு 2,880 ரூபாய். 500 கிலோவுக்கு 4,000 ரூபாய். அளவு 67 சதவீதம் கூடியபோது செலவு 39 சதவீதம்தான் கூடியிருக்கிறது. இது உண்மையான சிக்கனம். ஒருவரே பெரிய எந்திரத்தையும் கவனித்துக்கொள்ள முடிவதும், திறன் இரட்டிப்பானாலும் எந்திரத்தின் விலை பெரும்பாலும் இரட்டிப்பாகாததும் இதற்குக் காரணங்கள். 500-லிருந்து 1,000-க்குப் போகும்போது 4,000 ரூபாய் 7,700 ஆகிறது. அளவு இரட்டிப்பு, செலவு ஏறக்குறைய இரட்டிப்பு. சிக்கனம் அங்கே மெலிந்துவிட்டது.

இடையில் 8.00, 8.40, 8.60 என்று ஏறிப் பிறகு இறங்குகிறதே, 500-க்கு மேல் தொழில் பெருத்தால் நட்டமா என்று நீங்கள் கேட்கக்கூடும். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த மேட்டைப் பார்த்துப் பயந்து வளராமல் நின்றவர்களும் உண்டு, இதைத் தாண்டிவிட வேண்டும் என்று ஒரே தாவலில் பெரிய கடன் வாங்கியவர்களும் உண்டு. மேடு தோன்றக் காரணம், நடுத்தரத்துக்கும் பெரியதுக்கும் இடைப்பட்ட அளவில் எந்திரம் எதுவும் உங்கள் பட்டியலில் இல்லாததுதான். எல்லா அளவிலும் எந்திரம் கிடைத்தால் கோடு வழுவழுப்பாக இருக்கும். மூன்றே எந்திரங்கள் இருந்தால் அலையலையாகத்தான் இருக்கும். அந்த மேட்டில்கூட 600 கிலோ வரை நடுத்தர எந்திரத்தைச் சற்று வருத்தி ஓட்டுவது, பெரியதை வாங்கிக் காலியாக வைப்பதைவிட மலிவு: 8.40-க்கு எதிராக 9.20. ஏறத்தாழ 640 கிலோவைத் தாண்டினால்தான் பெரியது முந்துகிறது. அப்போதும் இரண்டாவது நடுத்தர எந்திரம் வாங்கும் வழி இருக்கிறது. 800 கிலோவை இரண்டில் பாதிப் பாதியாக அரைத்தால் கிலோவுக்கு 8.50, பெரியதில் 8.20. நாளைக்கு 240 ரூபாய்தான் வித்தியாசம். அந்தத் தொகைக்கு, ஓர் எந்திரம் பழுதானாலும் மற்றது ஓடும் என்ற பாதுகாப்பு கிடைக்கிறது. விடியற்காலையில் கடைகள் திறக்கும் முன் மாவு போய்ச் சேர வேண்டிய தொழிலில், நான் அதை விலை கொடுத்தே வாங்குவேன்.

வங்கிக்குப் போகும்போது கவனம் தேவை. உணவு பதப்படுத்தும் குறுந்தொழில்களுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை கடனோடு இணைந்த மானியம் தரப்பட்டது. அதைச் சொல்லியே பெரிய எந்திரத்தைத் தலையில் கட்டும் தரகர்கள் இருக்கிறார்கள். மானியம் எந்திரத்தின் விலையைத்தான் குறைக்கும். ஆளுக்கும் மின்சாரத்துக்கும் அறை வாடகைக்கும் நீங்கள்தான் மாதாமாதம் கொடுக்க வேண்டும். திட்ட அறிக்கை எழுதித் தருபவர்கள் முதல் ஆண்டு 60 சதவீதம், அடுத்த ஆண்டு 70, பிறகு 80 என்று எந்திரத் திறனின் பங்கை எழுதிவிடுகிறார்கள். 1,000 கிலோ எந்திரத்தில் 60 சதவீதம் என்றால் 600 கிலோ. உங்களிடம் அதில் பாதிக்குத்தான் கடைகள் இருக்கின்றன. அந்த இடத்தில் எத்தனை கடை, எத்தனை கிலோ என்று கேட்காமல், விலைப்புள்ளியும் முத்திரையும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கோப்பை நகர்த்தும் முறை மாறாதவரை, காலியாக ஓடும் எந்திரங்கள் கடனில் மூழ்கிக்கொண்டே இருக்கும்.

பட்டியலில் இல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முகவரின் கணக்கு உங்கள் பட்டறை வாசலோடு முடிந்துவிடுகிறது. 300 கிலோவை நகருக்குள் கொடுக்கிறீர்கள். 800 கிலோ விற்க வத்தலக்குண்டு, நத்தம் வரை வண்டி போக வேண்டியிருக்கலாம். எரிபொருள், ஓட்டுநர், திரும்பி வரும் பைகள் ஆகியவற்றுக்குக் கிலோவுக்கு 50 காசு கூடினாலே பெரிய எந்திரத்தின் 8.20 ரூபாய் 8.70 ஆகிவிடும். முன்பணம் கொடுப்பதற்கு முன், 200, 300, 400 கிலோவுக்கு ஒவ்வோர் எந்திரமும் எத்தனை யூனிட் மின்சாரம் இழுக்கும், எத்தனை ஆள் வேண்டும் என்று முகவரிடம் எழுத்தில் வாங்குங்கள். முழுத் திறனுக்கு மட்டும்தான் தர முடியும் என்றால், அந்த எந்திரம் ஏற்கெனவே ஓடும் ஒரு பட்டறையில் மூன்று மாத மின்கட்டண ரசீதையும் அரைத்த அளவையும் கேட்டு வாங்கி, நீங்களே வகுத்துப் பாருங்கள்.