தரை கழுவும் பெயரில் குழந்தை லோஷன் விற்கலாமா?

"தரை, கழிப்பறை, பாத்திரம் ஆகியவற்றைக் கழுவும் மூன்று திரவங்களை ஒரே பெயரில் ஒன்பது ஆண்டுகளாக விற்றுவருகிறோம். நிறுவனத்தின் பெயரும் அதுவே. இப்போது குழந்தைகளுக்கான லோஷன் தயாரித்திருக்கிறோம். நான்குக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும் என்கிறார் ஆலோசகர். பழைய பெயரே போதும் என்கிறார் பங்குதாரர். யார் சொல்வதைக் கேட்பது?"

இருவரும் பாதி சரி. லோஷனுக்கு மட்டும் புதுப் பெயர் வையுங்கள். மற்ற மூன்றின் மீதும் கை வைக்காதீர்கள்.

எல்லாப் பொருளும் ஒரே பெயரில் வருவதை 'பிராண்டட் ஹவுஸ்' என்றும், ஒவ்வொன்றும் தன் பெயரில் நிற்க நிறுவனம் பின்னால் இருப்பதை 'ஹவுஸ் ஆஃப் பிராண்ட்ஸ்' என்றும் எங்கள் தொழிலில் சொல்வார்கள். கூரியர் நிறுவனமான ஃபெடெக்ஸ் முதல் வகை. டைட், பாம்பர்ஸ், ஜில்லெட் ஆகியவற்றை வைத்திருக்கும் பி அண்ட் ஜி இரண்டாம் வகை. எதைத் தேர்வது என்பதற்கு ஒரே கேள்விதான்: பழைய பெயர் வாங்குபவர் மனத்தில் எதைக் கொண்டுவருகிறது, அது புதுப் பொருளுக்கு உதவுமா, கெடுக்குமா?

இதை நீங்களே சோதிக்கலாம். குழந்தை வைத்திருக்கும் முப்பது பேரை அழையுங்கள். பதினைந்து பேருக்குப் பழைய பெயர் ஒட்டிய லோஷன் புட்டியையும், மற்றவர்களுக்குப் பெயரே இல்லாத அதே புட்டியையும் காட்டி, மூடியைத் திறக்காமல், "இது எப்படி மணக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். முதல் கூட்டத்தில் நான்கைந்து பேராவது நெடி அடிக்கும், எரியும் என்ற வகையில் பேசினால், அந்தப் பெயர் லோஷனுக்கு ஆகாது. "வாங்குவீர்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள், மரியாதைக்காக எல்லோரும் ஆம் என்பார்கள்.

ஆனால் பாத்திரத்திலிருந்து தரைக்கும், தரையிலிருந்து கழிப்பறைக்கும் உங்கள் பெயர் தடையின்றிப் போயிருக்கிறது. மூன்றுமே அழுக்கை நீக்கும் பொருள்கள். அவற்றைப் பிரித்தால் என்ன ஆகும்? ஒரு பெயரை ஆண்டு முழுவதும் மக்கள் கண்ணில் வைத்திருக்கும் அளவுக்கு உங்களிடம் விளம்பரப் பணம் இருக்கிறது என்று கொள்வோம். அதையே நான்கு பெயர்களுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் மூன்று மாதம்தான் வரும். மீதி ஒன்பது மாதம் அது மறக்கப்படும். யூனிலீவரே சுமார் 1,600 பிராண்டுகளை 400 அளவுக்குக் குறைக்கும் திட்டத்தை 2000-ஆம் ஆண்டு வாக்கில் கையில் எடுத்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே சுமையானது உங்களுக்கு எதற்கு?

ஆலோசகரின் கட்டணச் சீட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பெயருக்கு இவ்வளவு, இலச்சினைக்கு இவ்வளவு, உறைக்கு இவ்வளவு என்று எண்ணிக்கைப்படி போட்டிருந்தால், நான்கு பெயர் வேண்டும் என்று அவர் ஏன் சொல்கிறார் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. வணிகக்குறிப் பதிவை முடித்துத் தருகிறேன் என்று வரும் முகவரிடம் இதைவிட எச்சரிக்கை தேவை. என்னிடம் வந்த ஒரு வாடிக்கையாளருக்காகப் பெயரைப் பதிந்த முகவர், விண்ணப்பதாரர் இடத்தில் தன் பெயரையே எழுதியிருந்தார். அதை மீட்க இரண்டு ஆண்டுகள் ஆயின. விண்ணப்பதாரர் உங்கள் நிறுவனமே என்பதை உங்கள் கண்ணால் படித்த பிறகே பணம் கொடுங்கள். இலச்சினையின் பதிப்புரிமையை வரைந்தவரிடமிருந்து எழுத்து மூலம் வாங்கிக்கொள்ளுங்கள்.

பதிவு முறையும் உங்களுக்கு வழி காட்டாது. வணிகக்குறிப் பதிவுக்காகப் பொருள்களையும் சேவைகளையும் 45 வகுப்புகளாகப் பிரிக்கும் நீஸ் வகைப்பாட்டில் கழிப்பறை கழுவும் திரவமும் சாதாரணக் குழந்தை லோஷனும் ஒரே 3-ஆம் வகுப்பில் இருக்கின்றன. கிருமிநாசினியோ 5-ஆம் வகுப்புக்குப் போய்விடுகிறது. எந்த வீட்டிலும் எந்தத் தாயும் இப்படி அடுக்கிவைப்பதில்லை. அதிகாரிகளுக்கு வசதியான அலமாரியைப் பார்த்து, "ஒரே வகுப்புதானே, ஒரே பெயர் போதும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

உங்கள் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. பல நாடுகளில் தயாரிப்பாளரின் பெயரையும் முகவரியையும் உறையில் அச்சிடுவது கட்டாயம். நிறுவனத்தின் பெயரும் தரைத் திரவத்தின் பெயரும் ஒன்றாக இருப்பதால், லோஷனின் பின்பக்கத்தில் அது எப்படியும் வந்துவிடும். இதைக் காட்டி, லோஷனுக்கென்று தனி நிறுவனம் தொடங்கச் சொல்வார்கள். அதற்கும் தனிக் கட்டணம் உண்டு. இப்போதைக்கு வேண்டாம். முன்பக்கத்தில் பெரிதாக நிற்கும் பெயர்தான் கையில் எடுப்பதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கிறது. பின்பக்கத்தைப் படிப்பவர் பெரும்பாலும் புட்டியைக் கையில் எடுத்த பிறகுதான் படிக்கிறார். சட்டம் கேட்கும் அளவு எழுத்தில், இலச்சினை இல்லாமல், முகவரியோடு சேர்த்து அச்சிடுங்கள். "இன்னாரின் தயாரிப்பு" என்று முன்பக்கத்தில் பெருமையாகப் போட உங்கள் பங்குதாரர் விரும்பினால் மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். கோர்ட்யார்டு விடுதிகளுக்கு மேரியட் பெயர் துணையாக நிற்பது, இரண்டும் விடுதி என்பதால். லோஷன் ஓராண்டு விற்றுத் தாக்குப்பிடித்து, அதற்கு இரண்டாவது, மூன்றாவது குழந்தைப் பொருளும் சேர்ந்தால், அப்போது தனி நிறுவனத்தைப் பற்றிப் பேசலாம்.