மைக்கை மியூட் செய்தும் ஊளை நிற்கவில்லையா?

“கோத்தகிரி பக்கம் எங்கள் சிறு தேயிலை விவசாயிகள் குழு மாதம் ஒருமுறை ஜூமில் கூடுகிறது. வர முடியாதவர்கள் குன்னூரிலிருந்தும் மேட்டுப்பாளையத்திலிருந்தும் சேர்ந்துகொள்வார்கள். இங்கே ஒரே அறையில் இரண்டு லேப்டாப். ஒன்றின் முன்னால் எட்டுப் பேர் உட்கார்ந்து பேசுகிறோம். இன்னொன்றில் கணக்குப் பார்க்கும் தங்கச்சி வரவு செலவைத் திரையில் காட்டுவாள். ஆரம்பித்த ஒரு நிமிஷத்தில் ‘குய்ய்ங்’ என்று ஊளை. அவளுடைய மைக்கை மியூட் செய்தும் நிற்கவில்லை. வெளியூரில் இருப்பவர்களோ தங்கள் குரலே திரும்பக் கேட்கிறது என்கிறார்கள். என்ன செய்வது?”

தங்கச்சியின் லேப்டாப்பில் மைக்கை மூடினீர்கள், ஸ்பீக்கர் திறந்தே இருக்கிறது. கோளாறு அங்கேதான். அந்த லேப்டாப்பை ஒலியிலிருந்து முழுவதுமாக வெளியே எடுத்துவிட்டால் ஊளை, எதிரொலி இரண்டும் ஒன்றாக நிற்கும். அதற்கு ஜூமிலேயே ஒரு வழி இருக்கிறது. அதற்கு முன் சத்தம் எந்த வழியாகச் சுற்றுகிறது என்று பார்த்துவிடலாம். அது புரிந்தால் அடுத்த மாதம் வேறு வடிவத்தில் இதே தொல்லை வந்தாலும் நீங்களே பிடித்துவிடலாம்.

நீங்கள் பேசும் லேப்டாப்பைப் பெரியது என்றும் தங்கச்சியுடையதைச் சின்னது என்றும் வைத்துக்கொள்வோம். நீங்கள் “வணக்கம்” என்கிறீர்கள். பெரியதன் மைக் அதை எடுத்து இணையத்தில் அனுப்புகிறது. சின்னதும் கூட்டத்தில் இருக்கும் ஒரு ஆள்தானே? அதனால் அந்த “வணக்கம்” அதன் ஸ்பீக்கரிலும் வருகிறது. இரண்டும் ஒரே மேசையில் இருப்பதால் பெரியதன் மைக் அதை மறுபடி எடுக்கிறது, மறுபடி அனுப்புகிறது. ஒவ்வொரு சுற்றிலும் சத்தம் கொஞ்சம் குறைந்தால் நாலைந்து எதிரொலியோடு அடங்கிவிடும். கொஞ்சம் கூடினால் அடங்காது, ஏறி ஏறி ஊளையாகிவிடும். இந்தச் சுற்றில் சின்னதன் மைக்குக்கு எந்த வேலையும் இல்லை. அதை மியூட் செய்து பலன் இல்லாமல் போனதற்கு இதுதான் காரணம்.

ஒரே லேப்டாப் இருக்கும்போது மட்டும் ஏன் இப்படி ஆவதில்லை? ஜூம் தன் ஸ்பீக்கருக்கு எந்தச் சத்தத்தை அனுப்பியது என்று தனக்கே தெரிந்து வைத்திருக்கும். மைக்கில் அதே சத்தம் வந்தால் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் அனுப்பும். ஆனால் பக்கத்து லேப்டாப் எதை, எந்த நொடியில் ஒலிக்கிறது என்பது இதற்குத் தெரியாது. அந்தச் சத்தத்தை இன்னொரு மனிதர் பேசுவதாகவே எடுத்துக்கொள்ளும். அறைக்குள் சத்தம் மூன்றரை மீட்டரைக் கடக்க நொடியில் நூறில் ஒரு பங்குதான் ஆகும். இணையத்தைச் சுற்றி வருவதோ அதைவிடப் பல மடங்கு தாமதம். மலையில் சிக்னல் ஏறி இறங்க ஏறி இறங்க அந்தத் தாமதமும் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் ஊளைக்கு முன்னால் ‘வணக்கம்… ணக்கம்… க்கம்’ என்று வார்த்தை உடைந்து திரும்புவதைக் கேட்டிருப்பீர்கள்.

குன்னூர்க்காரர் தன் குரலையே கேட்பதும் இதே கதைதான். அவர் பேசுவது உங்கள் இரண்டு லேப்டாப்பிலும் ஒலிக்கிறது. பெரியதன் மைக் தன் ஸ்பீக்கரின் சத்தத்தைக் கழித்துவிடும், சின்னதன் சத்தத்தைக் கழிக்காமல் அவருக்கே திருப்பி அனுப்பும். பொதுவாக ஒன்றை நினைவில் வையுங்கள்: எதிரொலி கேட்கிறவர் வீட்டில் தப்பு இருப்பது அரிது. யாருக்குக் கேட்கவில்லையோ, அநேகமாக அவர் அறையில்தான் இருக்கும்.

இனி செய்ய வேண்டியது. சின்ன லேப்டாப்பில் ஜூம் கூட்டம் திறந்திருக்கும்போது, கீழ்ப்பட்டையில் மைக் படத்தை அழுத்தாதீர்கள். அதை ஒட்டி இருக்கும் சிறிய மேல்நோக்கிய அம்பை அழுத்துங்கள். விரியும் பட்டியலின் கடைசிப் பக்கத்தில் “Leave Computer Audio” என்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் மைக், ஸ்பீக்கர் இரண்டும் ஒரே சொடுக்கில் கூட்டத்திலிருந்து கழன்றுவிடும். மைக் படம் இருந்த இடத்தில் “Join Audio” என்று வந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள். பங்கேற்பாளர் பட்டியலிலும் தங்கச்சி பெயருக்கு எதிரே மைக் படமே இருக்காது. கேமராவும் திரை பகிர்வும் எப்போதும்போல நடக்கும். அவள் பேச வேண்டுமென்றால் பெரிய லேப்டாப் பக்கம் திரும்பிப் பேசினால் போதும்.

ஒவ்வொரு மாதமும் இதை ஞாபகம் வைத்துச் செய்வதைவிட, சின்னதன் ஜூம் அமைப்புகளில் ஒலிப் பகுதிக்குப் போய், கூட்டத்தில் சேரும்போதே கணினி ஒலியில் தானாகச் சேரும் தேர்வில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். பிறகு சேரும்போது ஒலி வேண்டுமா என்று ஒரு பெட்டி கேட்கும், அதைப் பெருக்கல் குறியால் மூடிவிடலாம்.

விண்டோஸில் ஸ்பீக்கர் சத்தத்தைப் பூஜ்யமாக்கினாலும் ஊளை நிற்கும், உண்மைதான். ஆனால் மைக்கையும் கூடவே மூடியாக வேண்டும். மைக் திறந்து ஸ்பீக்கர் மட்டும் மூடியிருந்தால் சுற்று எதிர்ப்பக்கமாக ஓடும்: சின்னதன் மைக் எடுப்பது பெரியதன் ஸ்பீக்கரில் வரும், அது திரும்பச் சின்னதன் மைக்குக்குப் போகும். இரண்டையும் தனித்தனியாக மூடும்போது யாராவது ஒன்றை மறப்பார்கள். கூட்டத்தை நடத்துபவர் தூரத்திலிருந்து மியூட் செய்தாலும் மைக் மட்டும்தான் மூடும். உங்கள் ஸ்பீக்கரை அவரால் மூட முடியாது. அதனால் கழற்றிவிடுவதே என் பரிந்துரை.

இத்தனையும் செய்த பிறகும் எதிரொலி என்று சொல்கிறார்களா? அப்போது அறையில் மூன்றாவது ஒரு கருவி இருக்கிறது. பெரும்பாலும் செல்போன். பிராட்பேண்ட் விட்டுவிட்டு வருகிறதே என்று ஹாட்ஸ்பாட் போட்டவரோ, வரும் வழியில் ஜீப்பிலேயே கூட்டத்தில் சேர்ந்தவரோ, போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்திருப்பார். கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை: அறையில் எல்லோரும் வாய் மூடிக்கொள்ளுங்கள், மேட்டுப்பாளையத்துக்காரரை ஒன்று முதல் பத்து வரை எண்ணச் சொல்லுங்கள். பங்கேற்பாளர் பட்டியலில் அவர் பெயர் அல்லாமல் வேறு எந்தப் பெயரின் மைக் படத்தில் பச்சை ஏறி இறங்குகிறதோ, அந்தக் கருவிதான் அவர் குரலைத் திருப்பி அனுப்புகிறது. அதன் பக்கத்திலேயே வேறு ஏதோ ஒன்று ஒலிக்கிறது என்று அர்த்தம். போனில் மெனுவுக்குள் “Disconnect Audio” என்று இருக்கும், அதைத் தொட்டால் முடிந்தது.

கரண்ட் போகும் நாளில்தான் இது பெரும்பாலும் திரும்ப வரும். பெரியதன் பேட்டரி தீர்ந்து அணைந்ததும் தங்கச்சி “Join Audio” அழுத்தி ஒலியைத் தன் பக்கம் எடுத்துக்கொள்வாள். அது சரி. கரண்ட் வந்து பெரியதைத் திறந்தவுடன் அது பழைய பழக்கப்படி தானாக ஒலியில் சேரும், ஊளையும் கூடவே வரும். அந்த நேரத்தில் முதலில் சின்னதைக் கழற்றுங்கள், பிறகு பெரியதைச் சேருங்கள். இடையில் சில நொடி அமைதி இருந்தால் பரவாயில்லை.

இரண்டு பேரும் தனித்தனி லேப்டாப்பில் பேசியே ஆக வேண்டும் என்றால் இரண்டு பேருக்கும் மைக் வைத்த ஹெட்செட் வேண்டும். ஒருவருக்கு மட்டும் போட்டால் போதாது. ஹெட்செட் போட்டவர் மைக், மற்றவரின் ஸ்பீக்கரில் வருவதையெல்லாம் எடுக்கும், பழைய சுற்று அப்படியே இருக்கும். இருவரும் போட்டுவிட்டால் அறைக் காற்றில் ஸ்பீக்கர் சத்தமே இருக்காது, ஊளை வர வழியில்லை. ஆனாலும் ஒரு சின்ன இடைஞ்சல் மிஞ்சும். நீங்கள் பேசுவதைத் தங்கச்சியின் மைக்கும் மெலிதாக எடுப்பதால் வெளியூரில் உங்கள் குரல் இரட்டையாகக் கேட்கும். பேசாதவர் மியூட்டில் இருந்து, பேசும்போது மட்டும் ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்தால் அதுவும் போய்விடும். ப்ளூடூத் ஹெட்செட்டாக இருந்தால் சார்ஜ் தீரும்போது ஒலி தானாக லேப்டாப் ஸ்பீக்கருக்குத் தாவிவிடும். நன்றாகப் போய்க்கொண்டிருந்த கூட்டத்தில் திடீரென்று ஊளை கிளம்பினால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். வயர் ஹெட்செட்டில் இந்தத் தொல்லை இல்லை.

உங்கள் எட்டுப் பேருக்கு ஹெட்செட் ஒத்துவராது. ஒரு லேப்டாப்பின் மைக் கைநீட்டும் தூரத்தில் இருப்பவரைத்தான் தெளிவாக எடுக்கும். கடைசியில் உட்கார்ந்தவருக்காக ஸ்பீக்கரை முழுதாக ஏற்றினால் கழிக்கும் வேலையும் தடுமாறும். குழுக் காசில் ஒன்று வாங்கலாம் என்றால் யூஎஸ்பி ஸ்பீக்கர்போன் வாங்குங்கள். மைக்கும் ஸ்பீக்கரும் ஒரே வட்டில் இருக்கும், தன் எதிரொலியைத் தானே கழித்துக்கொள்ளும். அதை மேசை நடுவில் வைத்துப் பெரிய லேப்டாப்பில் செருகி, ஜூமின் ஒலி அமைப்பில் “Microphone”, “Speaker” இரண்டிலும் அதன் பெயரையே தேர்ந்தெடுக்க வேண்டும். மைக்குக்கு அதையும் ஸ்பீக்கருக்கு லேப்டாப்பையும் விட்டால், எதைக் கழிப்பது என்று அதற்குத் தெரியாமல் போகும். அதே அமைப்பில் “Original sound for musicians” தேர்வாகியிருந்தால் மாற்றுங்கள். பாட்டு வகுப்புக்காக யாரோ போட்டு வைத்த அந்தத் தேர்வு, மைக் எடுப்பதை அதிகம் வடிகட்டாமல் அனுப்பும்.

கடைசியாக உங்கள் அறை. குளிருக்குச் சன்னலையெல்லாம் சாத்தி, சிமெண்ட் தரையும் வெறும் சுவருமாக இருந்தால் பேச்சு சுவரில் மோதித் திரும்பி, கிணற்றுக்குள் பேசுவதுபோல் வெளியூரில் கேட்கும். இது இரண்டு லேப்டாப் தகராறு அல்ல, எதைக் கழற்றினாலும் போகாது. மேசைமேல் ஒரு கனமான ஜமுக்காளம், லேப்டாப்புக்கு எதிர்ச் சுவரில் ஒரு கம்பளி தொங்கவிட்டால் நன்றாகக் குறையும். தகரக் கூரையில் மழை அடிக்கும்போது மட்டும் கம்பளி உதவாது. பேசுகிறவர் மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து உட்கார்ந்து பேசுவதுதான் வழி.