அறுபதாங் கல்யாண ஆல்பத்தை வெளியாருக்குத் தருமுன்

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் பெரிய வீட்டிலேயே மாமனாருக்கு அறுபதாங் கல்யாணம் நடத்தினோம். கேமராக்காரர் கொடுத்த படங்கள் 400, எங்கள் போன்களில் எடுத்தவை 240, அதில் 30 வீடியோ. எல்லாமே கூகுள் போட்டோஸ் ஆல்பமாகப் பங்காளிகளுக்குப் போய்விட்டன. இப்போது சமையல்காரரும் பந்தல்காரரும் கேட்கிறார்கள். பழைய வீடுகளைப் பற்றி ஆய்வு செய்யும் கட்டடக்கலை மாணவி ஒருத்தியும் கேட்கிறாள். நாங்கள் வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னைக்கு வந்துவிட்டோம். அடுத்த விசேஷம்வரை அது பூட்டித்தான் கிடக்கும். படங்களில் இருக்கும் இடத் தகவலை எப்படி நீக்குவது? ஒவ்வொன்றாகத்தான் செய்ய வேண்டுமா?
— ஒரு வாசகி, சென்னை

பதில்: ஒவ்வொன்றாக வேண்டாம். மடிக்கணினி ஒன்று இருந்தால் அரை மணி நேர வேலை. போனிலேயே முடிக்கப் பார்க்காதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில், எந்தப் படத்தில் தகவல் இருக்கிறது என்று பார்ப்போம். போன் கேமரா ஒவ்வொரு படத்தின் கோப்புக்குள்ளும் நாள், நேரம், லென்ஸ் விவரம் ஆகியவற்றுடன் அட்சரேகை, தீர்க்கரேகையையும் எழுதி வைக்கிறது. இந்தக் குறிப்புக்கு எக்ஸிஃப் என்று பெயர். ரேகைகளைப் பாகை, நிமிடம், விநாடி என்றே எழுதும். அட்சரேகையில் ஒரு விநாடி தரையில் ஏறத்தாழ 31 மீட்டர். போன் அந்த விநாடியையும் நூறாகப் பிரித்து எழுதுகிறது. உண்மையில் ஜி.பி.எஸ். அவ்வளவு துல்லியம் இல்லை. திறந்த வெளியில் ஐந்து மீட்டர் முன்பின் இருக்கும். தடித்த சுவர்களுக்குள் இன்னும் தடுமாறும். ஆனால் நம் வீடுகளில் வளவின் நடுவே வானம் பார்த்த முற்றம் இருக்கிறதே, அங்கே நின்று எடுத்த படத்துக்குச் செயற்கைக்கோள் நன்றாகவே கிடைத்துவிடும். ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டுமாக நீளும் வீட்டுக்கு ஐந்து மீட்டர் பிழை ஒரு பிழையே இல்லை. வரைபடத்தில் புள்ளி உங்கள் கூரைமேல்தான் விழும்.

கேமராக்காரர் கொடுத்த 400 படங்களில் பெரும்பாலும் இது இருக்காது. போனோடு இணைத்தால் ஒழிய, திருமணங்களுக்குக் கொண்டுவரும் பெரிய கேமராக்கள் பொதுவாக இடம் எழுதுவதில்லை. ஆக உங்கள் கவலை அந்த 240 கோப்புகள்.

அதிலும் நான் அதிகம் கவலைப்படுவது கானாடுகாத்தான் வீட்டைப் பற்றி அல்ல. சமையல்காரருக்கும் பந்தல்காரருக்கும் அந்த வீடு தெரியும்; மூன்று நாள் அங்கேதானே இருந்தார்கள். ஆல்பத்தின் முதல் படங்களைப் பாருங்கள். புறப்படுமுன் சென்னை வீட்டில் பலகாரம் அடுக்கியது, பேத்தி பட்டுப்பாவாடை கட்டி நின்றது என்று ஏதாவது இருக்கும். அவர்களுக்குத் தெரியாத முகவரி அதுதான். பூட்டிய வீடு உள்ளே என்ன இருக்கிறது என்பதோடு சேர்த்து மூன்றாம் கைக்கு, நான்காம் கைக்குப் போவது அடுத்த கவலை. பழைய தூணும் கதவும் விலை பேசும் கடைகள் காரைக்குடியில் ஒரு தெருவையே நிறைத்திருக்கின்றன. நேர்மையான வியாபாரிகள்தான், ஆனாலும் பர்மா தேக்குக்கு எப்போதும் ஆள் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி.

கூகுள் போட்டோஸ் ஆல்பத்தின் Options பகுதியில் Share photo location என்று ஒரு விசை இருக்கிறது. அதை இப்போதே அணைத்து வையுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பிக் குடும்ப ஆல்பத்தின் இணைப்பை வெளியாருக்குக் கொடுக்க வேண்டாம் என்பேன். அந்த ஆல்பத்தில் நாளை ஒரு பங்காளி வேறு படங்களைச் சேர்ப்பார். அந்த விசையை யாராவது தெரியாமல் திருப்பிவிடலாம். குடும்பத்துக்கு ஓர் ஆல்பம், வெளியாருக்குச் சுத்தம் செய்த நகல்கள் கொண்ட தனிக் கோப்புறை என்று பிரித்துவிடுவதே நிம்மதி. மூலப் படங்களில் இடத்தை அழிக்காதீர்கள். இருபது ஆண்டு கழித்து எந்த வீட்டில் எடுத்தது என்று உங்கள் பேத்தி தேடுவாள்.

போன்களைக் கேபிளில் இணைத்துப் படங்களைக் கணினிக்கு மாற்றுங்கள். கேமராக்காரர் படங்களையும் சேர்த்து எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் போட்டு, அதற்கு ஒரு நகல் எடுத்து, நகலுக்கு veliyar என்று பெயர் வையுங்கள். இரண்டு போன்களில் ஒரே பெயரில் கோப்பு இருந்தால் கணினி கேட்கும்; மேலெழுதாமல் இரண்டையும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கடைசியில் எண்ணிக்கை 640 வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ExifTool என்ற இலவச நிரலை நிறுவுங்கள். கறுப்புத் திரையில் தட்டச்சு செய்ய வேண்டும் என்பதால் பலர் ஒதுங்குகிறார்கள், மூன்றே வரிகள்தான். முதல் வரி, எந்தெந்தக் கோப்பில் இடம் இருக்கிறது என்று பட்டியல் போடும். veliyar கோப்புறை இருக்கும் இடத்தில் விண்டோஸ் கட்டளைத் திரையைத் திறந்து இப்படித் தட்டச்சு செய்யுங்கள்:

```
exiftool -r -if "$gpslatitude" -filename veliyar
```

பெயர்கள் வரிசையாக ஓடும். முடிவில் இத்தனை files failed condition என்று வந்தால் பதற வேண்டாம். அத்தனை கோப்புகளில் இடம் இல்லை என்பதுதான் அதன் பொருள். இங்கே failed என்பது நல்ல செய்தி. இனி நீக்கும் வரி:

```
exiftool -overwrite_original -gps:all= "-xmp:gps*=" veliyar
```

-overwrite_original என்பதை விட்டுவிட்டால், நிரல் உங்கள் நன்மைக்காகவே ஒவ்வொரு பழைய கோப்பையும் _original என்ற ஒட்டுடன் பக்கத்திலேயே வைத்துவிடும். அந்தக் கோப்புறையைக் கவனிக்காமல் அப்படியே அனுப்பினால், சுத்தமான படமும் அழுக்கான படமும் ஜோடியாகப் போய்ச் சேரும். இணையத்தில் சிலர் -all= என்று எல்லாவற்றையும் துடைக்கச் சொல்வார்கள். அதைச் செய்தால் படம் எந்தப் பக்கம் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்ற குறிப்பும் போய்விடும். மாமனாரும் மாமியாரும் மாலையோடு பக்கவாட்டில் படுத்திருப்பார்கள். நாள், நேரமும் போய்விடுவதால் ஆல்ப வரிசையும் கலையும்.

இப்போது முதல் வரியை மறுபடி ஓட்டுங்கள். பட்டியல் காலியாகாது. உங்கள் 30 வீடியோக்களில் பல இன்னும் அதில் நிற்கும். படங்களில் இடம் எழுதப்படும் அறை வேறு, வீடியோவில் வேறு. மேலே சொன்ன வரி அந்த அறையைத் திறக்காது. பெரும்பாலோர் வழுக்கி விழும் இடம் இதுதான். படத்தைச் சுத்தம் செய்த திருப்தியில் வீடியோவை மறந்துவிடுவார்கள். அதற்கு மூன்றாவது வரி:

```
exiftool -overwrite_original -ext mp4 -ext mov -Keys:GPSCoordinates= -UserData:GPSCoordinates= -ItemList:GPSCoordinates= veliyar
```

மூன்றாம் முறை சோதித்தால் ஒரு பெயரும் வரக்கூடாது. 640 கோப்புகளும் failed என்று வர வேண்டும்.

போனிலேயே முடிக்கப் பார்க்காதீர்கள் என்றேன் அல்லவா? அங்கே சோதிப்பதை நம்ப முடியாது. ஆண்ட்ராய்டு 10 முதல், தனி அனுமதி பெறாத செயலிக்குப் படத்தைக் காட்டும்போது போன் இடத் தகவலை மறைத்தே கொடுக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அனுமதி இல்லாத ஒரு செயலி "இதில் இடம் இல்லை" என்று சொல்லும். கோப்பிலோ அது பத்திரமாக இருக்கும். அதே கோப்பைக் கேபிள் வழியே கணினிக்குக் கொண்டுவந்தால் புள்ளி தெரியும். கூகுள் போட்டோஸ் திரையில் இடத்தை மாற்றினாலும் கேமரா கோப்புக்குள் எழுதியது மாறுவதில்லை.

கேபிளுக்குப் பதிலாகக் கூகுளின் Takeout வழியாக மொத்தமாக இறக்கினால் இன்னொரு வம்பு உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் துணையாக .json என்று முடியும் ஒரு சின்னக் கோப்பு வரும். அதிலும் ரேகைகள் எழுத்தாகவே இருக்கும். நானே ஒருமுறை படங்களை அழகாகச் சுத்தம் செய்து, அந்தத் துணைக் கோப்புகளோடு சேர்த்துச் சுருக்கி அனுப்பினேன். பெற்றவர் அதைத் திறந்து பார்க்கவில்லை என்பது என் அதிர்ஷ்டம். .json கோப்புகளை அழித்துவிட்டு அனுப்புங்கள்.

சுத்தமான நகல்களைக் கூகுள் போட்டோஸில் ஏற்றாதீர்கள். நாளும் நேரமும் ஒன்றே என்பதால் அவை மூலப் படங்களுக்குப் பக்கத்திலேயே போய் உட்காரும். ஆல்பம் உருவாக்கும்போது எது நகல், எது மூலம் என்று உங்களுக்கே தெரியாது. கூகுள் டிரைவில் ஒரு கோப்புறையாகப் போட்டு, பார்க்க மட்டும் அனுமதித்து இணைப்பைக் கொடுங்கள். டிரைவ் கோப்பை மாற்றாமல் வைத்திருக்கும். நீங்கள் சோதித்தது எதுவோ அதுவே அவர்களுக்கும் கிடைக்கும். இலவச இடம் 15 ஜி.பி. தான். படங்கள் அடங்கிவிடும், நீண்ட வீடியோக்களைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.

சமையல்காரருக்கு அவர் பந்தியில் பரிமாறிய நாலைந்து படம் போதும் என்றால் இத்தனையும் தேவையில்லை. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கும்போதே எக்ஸிஃப் குறிப்பை உதிர்த்துவிடுகிறது. "தெளிவாக இல்லை, டாக்குமெண்டாக அனுப்புங்கள்" என்று அவர் கேட்டால் மட்டும் உஷாராகுங்கள். டாக்குமெண்டாக அனுப்பினால் மூலக் கோப்பு இடத்தோடு அப்படியே போகும். அப்போது veliyar கோப்புறையில் இருப்பதை அனுப்புங்கள். ஐபோனில் பகிரும் திரையின் மேலே உள்ள Options-ஐத் தொட்டு Location-ஐ அணைக்கலாம். ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாணவிக்குத் தருவது தனிக் கணக்கு. அவளுக்குத் தேவை தூண், பட்டாலை, ஆத்தங்குடித் தளம், முகப்பின் சுதைச் சிற்பம். ரேகைகளை நீக்கினாலும் முகப்பு முழுதாகத் தெரியும் படத்தை ஊர்க்காரர் எவரும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். எந்த நிரலாலும் அதை மறைக்க முடியாது. ஆகவே முகப்பின் முழுத் தோற்றம் வேண்டுமா, பகுதிகள் போதுமா என்று அவளிடமே கேளுங்கள். இரும்புப் பெட்டி இருக்கும் அறை, வெள்ளிப் பாத்திரங்கள் பரப்பி வைத்த படம், சாவிக்கொத்து தொங்கும் சுவர் ஆகியவற்றை யாருக்கான கோப்புறையிலிருந்தும் எடுத்துவிடுங்கள். அழைப்பிதழைப் படமெடுத்துப் போட்டிருந்தால் அதையும்தான். இரண்டு வீட்டு முகவரியும் உங்கள் கைபேசி எண்ணும் அதில் கொட்டை எழுத்தில் இருக்கின்றன.