வட்டி ஒரு மாதமும் நிற்கவில்லை, ரிப்போர்ட்டில் 37 நாள் ஓவர்டியூ எப்படி வரும்?

கேள்வி: மண்டபத்தில் ஒரு கருவாட்டுக் கம்பெனிக்குக் கணக்கு எழுதுகிறேன். சிசி என்கிற கேஷ் கிரெடிட் கடன் கணக்கில் வட்டி மாதாமாதம் கட்டியாச்சு. ஆனாலும் கம்பெனியின் சிபில் ரிப்போர்ட்டில் 37 நாள் ஓவர்டியூ, SMA-1 என்று எச்சரிக்கைக் குறி இருக்கு. ரேங்க்கும் 4-லிருந்து 6 ஆயிடுச்சு. முதலாளிக்கு என்ன சொல்வது?

பதில்:

முதலில் ரேங்க். தனிநபர் சிபில் ஸ்கோர் 300-லிருந்து 900 வரை, கூடினால் நல்லது. கம்பெனி ரேங்க் இதற்கு நேர் எதிர்: 1 நல்லது, 10 மோசம். அடுத்த 12 மாதத்தில் கடன் வாராக்கடனாகும் வாய்ப்பைத்தான் அது சொல்கிறது. இதைச் சொல்லாமல் விட்டால், 6 என்றதும் முதலாளி "ஏறித்தானே இருக்கு?" என்பார்.

ஓவர்டியூவுக்குக் காரணம் பெரும்பாலும் வட்டி இல்லை, டிராயிங் பவர். அதாவது, கையிலுள்ள சரக்கையும் வரவேண்டிய பணத்தையும் வைத்து அந்த மாதம் எவ்வளவு வரை எடுக்கலாம் என்று வங்கி போடும் கணக்கு. ரிப்போர்ட்டில் அந்த சிசி கணக்கின் பகுதியில் லிமிட், டிராயிங் பவர், பாக்கி மூன்றையும் பாருங்கள். லிமிட் 20 லட்சம், பாக்கி 18 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மார்ச்சில் சரக்கும் வரவேண்டியதும் 30 லட்சம், கொடுக்கவேண்டியது 4 லட்சம். மீதி 26 லட்சத்தில் 25 சதவீத மார்ஜின் போக டிராயிங் பவர் 19.5 லட்சம். சிக்கல் இல்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாது, இருக்கிற கருவாடு விற்றுத் தீரும். மே மாத ஸ்டாக் ஸ்டேட்மெண்டில் கொடுக்கவேண்டியது போக மீதி 14 லட்சமாகச் சுருங்கினால் டிராயிங் பவர் 10.5 லட்சம். பாக்கி 18-லேயே நின்றால் 7.5 லட்சம் அதிகமாக எடுத்ததாகிவிடும். வங்கி இந்தப் புது டிராயிங் பவரை ஜூன் 9 அன்று கணக்கில் ஏற்றியிருந்தால், ஜூலை 9-ல் 30 நாள் முடிந்து SMA-1. ஜூலை 15-ல் 37 நாள். இப்படியே 90 நாள் தாண்டினால் வாராக்கடன்.

விற்ற பணம் எங்கே போனது என்று முதலாளியிடமே கேளுங்கள். தடைக்காலத்தில் படகு மராமத்துக்கு முன்பணமாகக் கொடுத்திருப்பார். அவருக்கு அது அடுத்த சீசனுக்கான மீன். டிராயிங் பவர் கணக்கில் அது பெரும்பாலும் சேராது. ரிப்போர்ட், சிசி ஸ்டேட்மெண்ட், மே மாத ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்த 7.5 லட்சத்தைக் காட்டினால் அவருக்கே புரியும்.

அதிகமான தொகை முழுவதையும் கட்டினால்தான் SMA-1 குறி நீங்கும், வட்டி மட்டும் போதாது. கட்டினாலும் பழைய மாதத்தின் பதிவு வரலாற்றில் நிற்கும். வங்கி தவறான தொகையை ஏற்றியிருந்தால் மட்டும் ஸ்டேட்மெண்ட் கொடுத்த ஒப்புகையோடு திருத்தம் கேளுங்கள். 30 நாளில் முடிக்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. பழைய சரக்கையே ஸ்டேட்மெண்டில் காட்டச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். குடோன் ஆய்வில் அகப்பட்டால் லிமிட்டே போகும்.

அடுத்த வருஷம் மார்ச்சிலேயே மேனேஜரைப் பார்த்து, படகு முன்பணத்துக்குத் தனிக் கடன் கேளுங்கள். ஏப்ரல், மே விற்பனைப் பணம் முழுக்க சிசி கணக்குக்கே வரட்டும்.